15 விநாடியில் பெரியப்பா பெரியம்மாவை வாழ்த்த: கவிதையா, பெயர் வரிசையா, ஒரு மாம்பழமா?

காவேரிப்பட்டணத்தில் பெரியப்பா பெரியம்மாவுக்கு 25ஆவது கல்யாண நாள். எல்லோருடைய வாழ்த்து வீடியோவையும் ஒன்றாக ஒட்டி விழா மண்டபத்தில் போடப்போவது தம்பி. வீட்டுக்கு ஒரு வீடியோ, 15 விநாடிக்கு மேல் போனால் வெட்டிவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டான். மூன்று விதமாக எழுதி, போனில் டைமர் வைத்துப் பேசிப் பார்த்தேன்.

முதலில் கவிதை. "அன்பின் வடிவே, பாசத்தின் உருவே, நூறாண்டு வாழ்க." நேரம் பிரச்சினையே இல்லை, கச்சிதமாக முடிகிறது. ஆனால் இதே வரியைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் அனுப்பலாம், ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம்.

அடுத்தது பெயர் வரிசை: நான், வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமியார், நாத்தனார் என்று எல்லோர் பெயரும். யாருக்கும் மனத்தாங்கல் வராது, சரி. ஆனால் பெயர்களுக்கே பத்து விநாடி போய்விட்டது, வாழ்த்துக்கு வருவதற்குள் 19 ஆகிவிட்டது. திரையில் முகம் தெரியும்போது பெயர் எதற்கு? எல்லோரும் கூடவே நின்று கையசைத்தால் போதாதா?

மூன்றாவது, ஒரே ஒரு நினைவு. முதலில் ஒகேனக்கல் பரிசலில் நடந்த கதையை எடுத்தேன். யார் யார் வந்தார்கள், ஏன் அழுதேன் என்று விளக்கவே 40 விநாடி. விளக்கம் கேட்கும் நினைவு இந்த நேரத்துக்குள் அடங்காது என்று அதை விட்டுவிட்டு இதற்கு வந்தேன்:

"பெரியப்பா, சீசன்ல மண்டியிலிருந்து வரும்போது சட்டைப் பையில எனக்கு ஒரு செந்தூரா இருக்கும். அந்த மாம்பால் கறையைத் துவைச்சது பெரியம்மா. ரெண்டு பேருக்கும் இருபத்தஞ்சாவது கல்யாண நாள் வாழ்த்துக்கள்!"

21 வார்த்தை, நிதானமாகப் பேசினால் 13 விநாடி. வார்த்தைக் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள், தமிழில் 'மண்டியிலிருந்து' ஒரே வார்த்தைதான், ஆனால் வாய் மூன்று சின்ன வார்த்தைக்கான நேரம் எடுத்துக்கொள்கிறது. கடைசி வரியை முதலில் 'திருமண ஆண்டு விழா நல்வாழ்த்துக்களைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தேன், அதை மாற்றியதிலேயே இரண்டு விநாடிக்கு மேல் மிச்சம். மீதமுள்ள நேரமும் வீண் இல்லை. பேசும் முன்னும் பின்னும் ஒரு விநாடி சும்மா கேமராவைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டும்போது 'பெரியப்பா'வில் பாதி வெட்டுப்பட்டு 'யப்பா' என்றுதான் கேட்கும்.

வாழ்த்தைக் கடைசியில் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. வாழ்த்துக்கள் என்றதும் மண்டபத்தில் கைதட்டுவார்கள், அதற்குப் பிறகு மாம்பழத்தைப் பற்றிப் பேசினால் யார் காதில் விழும்?

அதிகம் பழகாத உறவுக்கு மட்டும் இது ஒத்துவராது, இல்லாத நெருக்கத்தை இழுத்துப் பேசினால் குரலிலேயே தெரிந்துவிடும். எங்கள் வீட்டுக்காரரின் தருமபுரிச் சித்தப்பா பிறந்தநாளுக்குக் குடும்பமாக நின்று, முறை சொல்லிக் கூப்பிட்டு, ஒரே வரியில் வாழ்த்தி ஏழு விநாடியில் முடித்துக்கொண்டோம்.