கிரியேட்டினின் இரண்டு அனலைசரில்: பயாஸ் ப்ளாட்டா, ரிக்ரெஷனா?

சித்தூரில் எங்கள் லேபில் இருந்த பழைய செமி ஆட்டோ அனலைசர் கிரியேட்டினினை ஜாஃபே முறையில் பார்த்தது. புதிதாக வாங்கிய ஃபுல்லி ஆட்டோ என்சைம் முறையில் பார்க்கிறது. மாற்றுவதற்கு முன் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று தெரிய வேண்டும். வேலூருக்கு வைத்தியத்துக்குப் போய்வருகிறவர்கள் இங்கே நிறைய பேர். அங்கே எடுத்த ரிப்போர்ட்டையும் எங்களுடையதையும் மேஜையில் சேர்த்து வைத்து, “ஏன் சார் இது வேற, அது வேற?” என்று கேட்பார்கள்.

மெஷின் விற்க வந்தவர் கொண்டுவந்த எக்செல் தாளில் r = 0.998 என்று இருந்தது. அதை ஒதுக்கிவிடலாம். ஒரு மெஷின் எல்லாச் சாம்பிளிலும் 0.3 கூட்டிக் காட்டினாலும் r அப்படியே இருக்கும். கூடவே நாலு டயாலிசிஸ் சாம்பிளைச் சேர்த்தால் இன்னும் அழகாகும்.

நாங்கள் 40 நோயாளிகளின் சீரத்தை, சில நாட்களாகப் பிரித்து, 0.5 முதல் 8 வரை பரவும்படி பொறுக்கினோம். ஒவ்வொன்றையும் இரண்டு மெஷினிலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டினோம். இந்தச் சாம்பிள் தேர்வுதான் பாதி வேலை. தினசரி வருவதை அப்படியே எடுத்தால் முக்கால்வாசி 0.7-க்கும் 1.2-க்கும் நடுவிலேயே குவிந்துவிடும்.

முதலில் பயாஸ் ப்ளாட், அதாவது பிளாண்ட்–ஆல்ட்மன். கீழே இரண்டின் சராசரி, பக்கவாட்டில் புதியது கழித்தல் பழையது. சராசரி வித்தியாசம் −0.03, எல்லைக் கோடுகள் −0.35, +0.29. தலைப்பு எண்ணை மட்டும் பார்த்தால் சந்தோஷமாக மாற்றிவிடலாம். ஆனால் புள்ளிகளைப் பார்த்தால் இடது ஓரத்தில் எல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே, வலது ஓரத்தில் மேலே. கீழ்ப்பக்கக் குறைவும் மேல்பக்கக் கூடுதலும் ஒன்றையொன்று சரிக்கட்டியதால் வந்தது அந்த −0.03. இடது ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் தனியாக உயரத்தில் நின்றது: பழையதில் 0.5, புதியதில் 0.9. டியூபை எடுத்துப் பார்த்தால் சீரம் மஞ்சளாக இருந்தது, பிலிருபின் 14. பிலிருபின் அதிகமானால் ஜாஃபே முறை குறைத்துக் காட்டும். இப்படித் தனித்து நிற்பதைப் பிடிக்க பயாஸ் ப்ளாட்டை விட்டால் வேறு வழியில்லை.

இருந்தாலும் முடிவெடுக்க நான் நம்புவது ரிக்ரெஷனை. எக்செல்லின் ட்ரெண்ட்லைனை அல்ல. அது பழைய மெஷினில் பிழையே இல்லை என்று வைத்துக்கொண்டு கோடு போடுகிறது. பாசிங்–பாப்லாக் இரண்டிலும் பிழை இருக்கும் என்று ஏற்கிறது. புள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வரும் சாய்வுகளின் மீடியனை அடிப்படையாக எடுப்பதால், அந்த மஞ்சள் சாம்பிள் கோட்டை இழுக்கவில்லை. R-இல் mcr பேக்கேஜை library(mcr) என்று ஏற்றிய பிறகு இரண்டு வரி:

```
fit <- mcreg(pazhaya, pudhiya, method.reg = "PaBa")
calcBias(fit, x.levels = c(1.1, 3.5, 8))
```

கிடைத்தது: புதியது = 1.06 × பழையது − 0.21. சாய்வின் நம்பக எல்லை 1-ஐத் தொடவில்லை, வெட்டுத்துண்டின் எல்லை 0-ஐத் தொடவில்லை. ஆக இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அதைவிட முக்கியம், டாக்டர் முடிவெடுக்கும் இடத்தில் எவ்வளவு தப்புகிறது என்பது. 3.5-இல் வித்தியாசம் பூஜ்யம். 8-இல் 0.27 கூடுதல், அதாவது மூன்று சதவீதம் சொச்சம். அந்த நிலையில் யாருடைய வைத்தியமும் மாறப்போவதில்லை. 1.1-இல் 0.14 குறைவு. சின்ன எண்தான், ஆனால் 60 வயதுப் பெண்ணுக்கு 2021 சிகேடி–எபி சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். பழைய 1.1-க்கு இஜிஎஃப்ஆர் 58, புதிய 0.96-க்கு 68. மெஷின் மாறியதாலேயே அந்த அம்மா 60 என்ற கோட்டைத் தாண்டி, நோயாளியிலிருந்து நோயில்லாதவர் ஆகிவிடுகிறார். ஓட்டத் தொடங்கும் முன்பே 1.1-இல் 0.1 வரைதான் ஏற்போம் என்று எழுதி வைத்திருந்தோம். தேறவில்லை. எண்ணைப் பார்த்த பிறகு வரம்பு வைத்திருந்தால் 0.15 என்று வைக்க மனசு வந்திருக்கும்.

எது சரி என்பதை இரண்டு ப்ளாட்டும் சொல்லாது. அதற்கு வெளித்தரப் பரிசோதனைச் சாம்பிளில் நம் மெஷின் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஜாஃபே முறை புரதத்தையும் சேர்த்துக் கொஞ்சம் கிரியேட்டினினாகக் காட்டும். குறைந்த அளவில் என்சைம் முறை கீழே வாசிப்பது அதனால் எதிர்பார்த்ததுதான். ஆகவே பழையதோடு பொருந்த புதிய மெஷினில் திருத்தக் காரணி போடவில்லை. ரெஃபரன்ஸ் ரேஞ்சை மாற்றினோம், டாக்டர்களுக்குக் கடிதம் கொடுத்தோம், சிறுநீரக நோயாளிகளுக்குக் கொஞ்ச காலம் இரண்டு எண்ணையும் ரிப்போர்ட்டில் அச்சிட்டோம்.

தைராய்டு, ஃபெரிட்டின் போன்ற இம்யூனோஅஸ்ஸேக்களை நான் இப்படி ஒப்பிட்டது குறைவு. அங்கே இதே வரிசை பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சோடியத்துக்கு ரிக்ரெஷன் வேண்டாம் என்றே சொல்வேன். ரேஞ்ச் அவ்வளவு குறுகலாக இருக்கும்போது சாய்வு எப்படி வேண்டுமானாலும் ஆடும், பயாஸ் ப்ளாட்டே போதும்.