ஓராண்டுப் படிப்புக்குச் சம்பளமில்லா விடுப்பா, பணி விலகலா?

தனியார் நிறுவனத்தில் பணியாற்றும் ஒருவருக்கு வெளிநாட்டில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்ததும் முதலில் எழும் கேள்வி, வேலையை விட்டுவிட்டுப் போவதா, விடுப்புக் கேட்டுப் பார்ப்பதா என்பதுதான். நண்பர்களிடம் கேட்டால் பெரும்பாலும் அவரவர் மனப்போக்கின்படிதான் பதில் வரும். ஆனால் பணிக்காலம், கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை, மருத்துவக் காப்பீடு, நோட்டீஸ் காலம் ஆகியவற்றை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தால், எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் 2022 மார்ச்சில் சேர்ந்த ஒருவர், 2026 செப்டம்பர் இறுதியில் தொடங்கும் படிப்புக்காக இங்கிலாந்து செல்ல வேண்டியிருக்கிறது. பணிக்கொடை கணக்கிடுவதற்கு எடுத்துக்கொள்ளப்படும் அவருடைய மாத ஊதியம் 45,000 ரூபாய். நோட்டீஸ் காலம் 90 நாள். பெற்றோர் இருவரும் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுத் தனியார் ஊழியருக்குப் படிப்பு விடுப்பு என்பது சட்டம் தரும் உரிமையாக இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் கல்வி விடுப்புக்கென்றே தனிப் பகுதி உண்டு. பணிக்காலம் முழுவதற்கும் பொதுவாக 24 மாதம் என்ற வரம்பும், திரும்பி வந்து பணியாற்றுவதற்கான ஒப்பந்தப் பத்திரமும் அதில் அடங்கும். தனியார் துறையில் நிறுவனத்தின் கொள்கை ஆவணம் என்ன சொல்கிறதோ அதுவும், மேலாளரும் மனிதவளத் துறையும் எழுத்தில் ஒப்புக்கொள்வதும்தான் ஊழியரின் பிடிமானம். ஆகவே இந்த ஒப்பீட்டில் விடுப்பு என்று வரும் இடமெல்லாம் எழுத்தில் அனுமதிக்கப்பட்ட விடுப்பு என்றே கொள்ள வேண்டும்.

இரு வழிகளும் தெளிவாகப் பிரியும் இடம் பணிக்கொடை. நிரந்தர ஊழியருக்கு அது கிடைக்க ஐந்து ஆண்டு தொடர் பணி தேவை. நான்கு ஆண்டும் ஐந்தாம் ஆண்டில் 240 நாளும் இருந்தால் போதும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. நம்முடைய ஊழியர் செப்டம்பரில் விலகினால் ஏறத்தாழ நாலரை ஆண்டுதான் ஆகியிருக்கும் என்பதால் அந்த அளவையும் எட்டமாட்டார். விலகினால் பணிக்கொடை முழுவதும் போய்விடக்கூடும். அனுமதி பெற்ற விடுப்பிலோ நிலைமை வேறு: விடுப்பால் வரும் இடைவெளியைச் சட்டம் தொடர் பணிக்குள்ளேயே சேர்க்கிறது. அவர் இங்கிலாந்தில் வகுப்பில் அமர்ந்திருக்கும்போதே 2027 மார்ச்சில் ஐந்து ஆண்டு நிறைந்துவிடும். மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 1,29,800 ரூபாய் வருகிறது. இதே ஊழியர் ஏழு ஆண்டு பணியாற்றியவராக இருந்தால் விலகும்போதே பணிக்கொடை கைக்கு வந்திருக்கும். ஒன்றரை ஆண்டுதான் ஆனவர் என்றால் ஓராண்டு விடுப்பு எடுத்தாலும் ஐந்தாண்டு எல்லை எட்டத்தில்தான் இருக்கும். நான்காம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் இடையில் இருப்பவருக்குத்தான் விடுப்பு இந்த அளவுக்குப் பயன்படுகிறது.

வருங்கால வைப்பு நிதியைப் பொறுத்தவரை இரு வழிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சம்பளம் இல்லாத மாதத்தில் ஊழியரின் பங்கும் செலுத்தப்படாது, நிறுவனத்தின் பங்கும் செலுத்தப்படாது. விலகுபவர் பழைய கணக்கிலுள்ள பணத்தை எடுத்துச் செலவழிக்காமல், அதே யு.ஏ.என். எண்ணில் வைத்திருந்து அடுத்த நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால், ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராக இருப்பவருக்கு, ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுக் கணக்கில் பழைய பணிக்காலமும் சேர்ந்துகொள்ளும்.

மருத்துவக் காப்பீட்டில் பலர் கவனம் செலுத்துவதில்லை. படிக்கச் செல்பவருக்கு இங்கிலாந்தில் மாணவர் விசாவுடன் செலுத்தும் சுகாதாரக் கட்டணத்தின் பேரில் அங்கே பொது மருத்துவ வசதி கிடைத்துவிடும். சென்னையில் இருக்கும் பெற்றோரின் நிலைதான் கவலைக்குரியது. பணி விலகினால் கடைசி வேலை நாளோடு குழுக் காப்பீடு பொதுவாக முடிந்துவிடும். அறுபதைத் தாண்டிய, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள பெற்றோருக்குப் புதிதாகத் தனிக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வரும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் திட்டத்துக்கு மாறக் கேட்கும் வழி உண்டு. ஆனால் குழுக் காப்பீடு உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும். விடுப்பு வழியில் காப்பீடு தொடரக்கூடும் என்றாலும் தானாகவே தொடரும் என்று நம்பிவிடக் கூடாது. பிரீமியம் வழக்கமாகச் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது என்றால், சம்பளமே இல்லாத ஆண்டில் அதை யார், எந்தத் தேதியில் கட்டுவது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

விடுப்பின் பக்கம் இத்தனை நன்மை இருந்தும், அதற்குள்ளே ஒரு கடினமான கட்டு இருக்கிறது. விடுப்பில் இருப்பவர் அந்த நிறுவனத்தின் ஊழியராகவே இருக்கிறார் என்பதால், வேறு இடத்தில் ஊதியம் பெற்று வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை அவரைப் பின்தொடரும். இங்கிலாந்தின் மாணவர் விசா, பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்ய அனுமதிக்கிறது. பலர் அந்த வருமானத்தை நம்பித்தான் வாடகைக் கணக்குப் போடுகிறார்கள். விசா அனுமதிப்பது வேறு, சென்னையிலுள்ள நிறுவனம் அனுமதிப்பது வேறு. பகுதிநேர வேலையோ, ஊதியத்துடன் கூடிய பயிற்சியோ படிப்பின் அங்கமாக இருந்தால் அதை விடுப்புக் கோரிக்கையிலேயே குறிப்பிட்டு ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால், பணம் தேவைப்படுபவருக்குப் பணி விலகலே நேர்மையான வழி என்பது என் கருத்து.

அதைப்போலவே, திரும்பி வரும் எண்ணம் உறுதியாக இல்லாதவர் விடுப்பை ஒரு பாதுகாப்பு வலையாக எடுத்துக்கொள்வது கணக்கிலும் தவறு. விடுப்பின் நடுவே இங்கிலாந்திலேயே வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் காலத்தைப் பணியாற்றிக் கழிக்க அவரால் முடியாது. பிடித்துக்கொள்ள மாதச் சம்பளமும் இல்லை. நிறுவனம் 90 நாளுக்கு ஈடான தொகையைக் கட்டச் சொல்லும். கட்டும் வரை பணி விடுவிப்புக் கடிதம் தாமதமாகும். மாதம் 45,000 என்ற அளவில் கணக்கிட்டாலும் அது 1,35,000 ரூபாய். விடுப்பால் காத்துக்கொண்ட பணிக்கொடையைவிட அது சற்றே அதிகம். மொத்தச் சம்பளத்தின் மேல் கணக்கிடும் நிறுவனங்களில் இழப்பு இன்னும் கூடும்.

பணி விலகல் வழியில் நோட்டீஸ் காலத்தை ஒழுங்காக முடித்து, கணக்குத் தீர்த்து, விடுவிப்புக் கடிதத்தோடு போகலாம். மீதமிருக்கும் ஈட்டிய விடுப்புக்கு நிறுவன விதிப்படி பணம் கிடைக்கும். ‘படித்து முடித்துவிட்டு வா, இடம் வைத்திருக்கிறேன்’ என்று மேலாளர் மனப்பூர்வமாகவே சொல்லலாம். ஆனால் ஓராண்டில் அந்த மேலாளர் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம், ஆளெடுப்பு நிறுத்தப்பட்டிருக்கலாம். மறுபடி சேர்ந்தாலும் புதிய சேர்ந்த தேதியோடு பணிக்கொடைக் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கும். இதற்கு எதிரிடையாக ஒரு நன்மையும் உண்டு: புதிதாகச் சேர்பவர் புதிய பட்டத்தைக் காட்டிச் சம்பளம் பேச முடியும், விடுப்பிலிருந்து திரும்புபவர் பெரும்பாலும் பழைய சம்பளத்திலேயே அமர்வார்.

மூன்றாவதாக, வேலையில் இருந்துகொண்டே படிப்பது என்ற வழி இருக்கிறது. பிட்ஸ் பிலானி பணிபுரிவோருக்கென நடத்தும் படிப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. தேர்வு நாட்களுக்குச் சில நாள் விடுப்புப் போதும். மேலே சொன்ன இழப்புகள் எதுவும் இல்லை. துறை அறிவை வளர்த்துக்கொள்வது மட்டும் நோக்கம் என்றால் இதை முதலில் பார்க்கலாம். வெளிநாட்டு அனுபவமோ முழுநேர ஆய்வோ நோக்கமாக இருப்பவருக்கு இது மாற்றாகாது.

நம்முடைய ஊழியர் திரும்பி வரும் எண்ணத்தில் உறுதியாக இருக்கிறார், பகுதிநேர வேலையை நம்பியிருக்கவில்லை என்றால் நான் விடுப்பையே பரிந்துரைப்பேன். அப்போது எல்லாம் கோரிக்கைக் கடிதத்தைப் பொறுத்தது. பல நிறுவனங்கள் இத்தகைய விடுப்புக்கு 12 மாதம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. படிப்போ, பயண நாட்களையும் ஆய்வேட்டையும் சேர்த்தால் அதைத் தாண்டும். ஈட்டிய விடுப்பைச் சம்பளமில்லா விடுப்புக்கு முன்னால் வைத்துக்கொண்டால் இது சமாளிக்கக்கூடியதே. கடிதம் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும் அதன் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

“2026 செப்டம்பர் 7 முதல் அக்டோபர் 2 வரை ஈட்டிய விடுப்பும், 2026 அக்டோபர் 5 முதல் 2027 அக்டோபர் 3 வரை சம்பளமில்லா விடுப்பும் அளிக்கக் கோருகிறேன். 2027 அக்டோபர் 4, திங்கட்கிழமை அதே பணிநிலையிலும் அதே ஊதியத்திலும் பணிக்குத் திரும்புவேன். அதை 60 நாள் முன்பாக மின்னஞ்சலில் உறுதி செய்வேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் பல்கலைக்கழகத்தால் தள்ளிவைக்கப்பட்டால் மட்டும், உரிய சான்றுடன், அதிகபட்சம் நான்கு வார நீட்டிப்புக் கேட்பேன். என் பொறுப்புகளை ஆகஸ்ட் இறுதிக்குள் ஒப்படைத்து முடிப்பேன்.”

இதில் ‘அதே திட்டம்’ என்று கேட்காமல் ‘அதே பணிநிலை’ என்று கேட்டிருப்பதைக் கவனிக்கலாம். வாடிக்கையாளர் திட்டத்தில் ஓராண்டுக்கு ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்க எந்த மேலாளராலும் உறுதி தர முடியாது. அப்படிக் கேட்டால் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பதில் கேட்க வேண்டியது, திட்டம் எதுவும் ஒதுக்கப்படாமல் காத்திருக்கும் பெஞ்ச் காலம் பற்றியது. சேவை நிறுவனங்களில் திரும்பி வருபவர் முதலில் பெஞ்சில்தான் அமர்வார். குறிப்பிட்ட நாட்களுக்குள் திட்டம் கிடைக்காவிட்டால் நெருக்கடி தொடங்கும். அந்த நாட்கணக்கு திரும்பிய நாளிலிருந்துதான் எண்ணப்படும் என்பதையும், 60 நாள் முன்னறிவிப்பு வந்ததுமே திட்டம் தேடும் பணி தொடங்கும் என்பதையும் எழுத்தில் பெற வேண்டும். அந்த ஆண்டின் பணி மதிப்பீடும் ஊதிய உயர்வும் எப்படிக் கையாளப்படும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

அனுமதி கிடைத்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மேலாளர் மின்னஞ்சலில் சம்மதித்திருப்பார். விடுப்பு மென்பொருளில் பதிவாகியிருக்காது. சில வாரங்களில் முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராதவர் என்று அமைப்பு காட்டத் தொடங்கி, விளக்கம் கேட்கும் கடிதம் வீட்டு முகவரிக்குப் போகும். அந்த இடைவெளி பணிமுறிவாகக் கருதப்பட்டு ஆணை பிறந்தால், பணிக்கொடைக்காகப் போட்ட கணக்கே குலைந்துவிடும். ஆகவே இங்கிலாந்துக்குப் புறப்படும் முன், 2027 அக்டோபர் 3 வரை விடுப்பு அனுமதிக்கப்பட்டதாகக் காட்டும் திரையின் படத்தையும் அனுமதிக் கடிதத்தையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட விடுப்பில் அலுவலகக் கணக்குகள் முடக்கப்படுவது வழக்கம் என்பதால், திரும்புவதை உறுதி செய்யும் மின்னஞ்சலைச் சொந்த முகவரியிலிருந்து மனிதவளத் துறையின் எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.