மறுகணக்கீடா, மறுஆய்வா?

அதே தரவில் அதே கணக்கைத் திரும்பப் போடுவது மறுகணக்கீடு. புதிதாகத் தரவு திரட்டி அதே கேள்வியைக் கேட்பது மறுஆய்வு.

அரசுக் கடன், ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதம் என்று பொருளாதார அறிஞர்கள் ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010-இல் எழுதினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் எவ்வளவு முயன்றும் அந்த எண் வரவில்லை. எக்செல் கோப்பையே கேட்டு வாங்கிப் பார்த்தார். 49-ஆம் வரிசை வரை போகவேண்டிய சராசரி 44-இலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதைவிடப் பெரிய கோளாறு, சில ஆண்டுகளை நீக்கியதிலும் எடை கொடுத்ததிலும் இருந்தது. நியூசிலாந்தின் ஒரே ஆண்டு, பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்குச் சமமாக எண்ணப்பட்டிருந்தது. திருத்தியபோது 2.2 சதவீதம் வந்தது. ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் 2013-இல் அதை வெளியிட்டார்கள்.

மறுஆய்வு இதைப் பிடித்திருக்காது. முடிவு மாறினால் தரவு காரணமா, கணக்கு காரணமா என்று தெரியாது. ஆனால் முதல் முடிவே தற்செயலா என்பதை அதுதான் சொல்லும். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது, சுமார் 36 சதவீதத்தில்தான் புள்ளியியல் முக்கியத்துவம் மறுபடி கிடைத்தது.

ஆய்வு செய்யும் மாணவர் முதலில் மறுகணக்கீட்டுக்கே எழுதி வைக்கட்டும்: தொடாத மூலத்தரவு, நீக்கிய ஒவ்வொரு வரிசையும் அதன் காரணமும், எடை போட்ட விதம், நிரல், மென்பொருள் பதிப்பு. அப்புறம் மறுஆய்வுக்கு, ஆட்களைத் தேர்ந்த முறையும் கேள்விகளின் அதே வாசகமும் வேண்டும்.