மலப் பரிசோதனையா, கொலனோஸ்கோபியா?

பெருங்குடலின் மடிப்பு ஒன்றின் பின்னால், பின்னாளில் புற்றாகக்கூடிய பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி ஒன்று 8 மில்லிமீட்டர் அளவில் இருப்பதாகக் கொள்வோம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் பரிசோதனைக்கு மாதிரியை வீட்டிலேயே எடுத்துவிடலாம். ஆனால் இவ்வளவு சிறிய பாலிப்பில் பெரும்பாலும் இரத்தம் கசிவதில்லை என்பதால், அது பிடிபடாமலே போகக்கூடும்.

கொலனோஸ்கோபியிலோ, மருத்துவர் கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் சிறுகுடல் வந்து சேரும் இடம் வரை செலுத்தி, காற்றால் குடலை விரித்து, குறைந்தது 6 நிமிடங்களாவது எடுத்துக்கொண்டு மெல்லப் பின்னிழுத்தபடியே மடிப்புகளின் பின்புறத்தையும் பார்க்கிறார். பாலிப் தென்பட்டால் கம்பிச் சுருக்கை மாட்டி அப்போதே அறுத்தெடுக்கிறார். அடினோமா வகைப் பாலிப்களில் சிலவே புற்றாகின்றன. அதற்கும் பொதுவாகப் பத்தாண்டு அளவில் ஆகும் என்பதால், பின்னாளில் புற்று முளைக்கக்கூடிய இடமே இங்கு அகற்றப்பட்டுவிடுகிறது. ஆயினும் குடல் சரியாகச் சுத்தமாகாதபோது, மலம் படிந்த இடத்திலுள்ள தட்டையான பாலிப் இதிலும் தப்பிவிடும்.