ஸ்ப்லைனில் சீரான வேகம்: t-யா, வில் நீளமா?

ஒரு பெசியர் வளைவின் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் ஒரே கோட்டில் 0, 10, 20, 120 மீட்டரில் இருக்கட்டும். இதில் கேமராவை நகர்த்த, தொடக்கத்தில் 0, முடிவில் 1 ஆகும் t-யைச் சீராகக் கூட்டினால், பாதி நேரத்தில் கேமரா 26.25 மீட்டரில்தான் நிற்கும். முடிவு வேகம் தொடக்க வேகத்தைப்போல பத்து மடங்கு. சம நேர இடைவெளியில் புள்ளி வைத்துப் பாருங்கள்: தொடக்கத்தில் நெருங்கியும் கடைசியில் விலகியும் விழும்.

வளைவின் வழியே கடந்த தூரமான வில் நீளத்தில் கேள்வியே வேறு: 60 மீட்டர் கடக்கும்போது t எவ்வளவு? சுமார் 0.747. இதற்கு நேரடிச் சூத்திரம் பொதுவாகக் கிடையாது. வளைவை நூறு துண்டாக்கி, நீளங்களைக் கூட்டி அட்டவணையில் வைக்கிறோம். தேவையான தூரத்தை இருமத் தேடலில் பிடித்து, அண்டை வரிசைகளுக்கு நடுவே t-யை இடைக்கணிக்கிறோம். பாதை மாறாதவரை என் தேர்வு இதுதான்.

புள்ளிகள் ஓடும்போதே நகர்ந்தால் அட்டவணையை ஒவ்வொரு ஃபிரேமிலும் திரும்பக் கட்ட வேண்டும். அப்போது இது போதும்; dP(t) என்பது t-யில் வளைவின் வகைக்கெழு:

```
t += speed * dt / length(dP(t))
```

ஆனால் முதல் இரு புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் தொடக்கத்தில் வகுக்கும் எண் பூஜ்ஜியம். அட்டவணைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மெதுவாகக் கிளம்பி வேகமெடுக்க வேண்டுமென்றாலும் வில் நீளமே சரி: அந்த ஏற்ற இறக்கத்தைத் தூரத்தின்மேல் போடுங்கள். t-யின்மேல் போட்டால் வளைவின் வேகமும் அதோடு கலந்துவிடும்.