வத்தக்குழம்பு வைக்க இரும்புச்சட்டியா, மண்சட்டியா?

எனக்கு ரத்தசோகை என்று டாக்டர் சொன்னதும், கடலூர் முதுநகரில் இருக்கும் அத்தை, "எல்லாத்தையும் இரும்புலயே சமைச்சுடு" என்றார். நான் தினமும் இரும்புத் தோசைக்கல்லில்தானே தோசை சுடுகிறேன், அது போதாதா என்று கேட்டேன். போதாது. மாவு புளித்ததுதான், ஆனால் கல்லில் கிடப்பது இரண்டு நிமிடம். நடுவில் எண்ணெய் வேறு. இரும்பு கரைய புளிப்பு, தண்ணீர், நேரம் மூன்றும் வேண்டும்.

வத்தக்குழம்பில் மூன்றும் உண்டு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் சட்டியிலிருந்து இரும்பைக் கரைத்து, குழம்பிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. 1986இல் அமெரிக்காவில் இரும்பு வாணலியில் சமைத்து அளந்தார்கள். தக்காளிச் சாஸில் 100 கிராமுக்கு 0.6 மில்லிகிராமாக இருந்த இரும்பு 5.8 ஆனது. புளிப்பில்லாத உருளைக்கிழங்கு வறுவலில் 0.4 சுமார் 0.8 ஆனதோடு சரி.

மண்சட்டியிலும் எவர்சில்வரிலும் இந்த ஏற்றத்தை எதிர்பார்க்க முடியாது. எனாமல் பூசிய இரும்புப் பாத்திரமும் அப்படித்தான். பூச்சு உணவை இரும்பில் படவிடாது. விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஒரே புளிக்கரைசலை இரும்பிலும் மண்ணிலும் பாதிப் பாதியாகக் கொதிக்கவிட்டு, வெள்ளைத் தட்டில் ஒவ்வொரு கரண்டி ஊற்றிப் பார்த்தேன். மண்சட்டிக் குழம்பு செம்பழுப்பு. இரும்புச்சட்டிக் குழம்பின் ஓரம் மை போலக் கறுத்திருந்தது. புளியிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் இரும்போடு சேர்ந்தால் வரும் கறுப்பு அது. இரும்பு இறங்கியதற்கு அடையாளம்தான். ஆனால் அதே துவர்ப்பு, இறங்கியதில் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமலும் தடுக்கும்.

அதனால் எண்ணிக்கையை அப்படியே நம்பக்கூடாது. தக்காளிச் சாஸ் அளவுக்கே நம் குழம்பிலும் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 100 கிராமில் 5 மில்லிகிராம் கூடுதல். பெண்களுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் 29 மில்லிகிராமில் ஆறில் ஒரு பங்கு. இந்த வகை இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வதோ பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குதான். கூடவே வறுத்த மீன் ஒரு துண்டு இருந்தால் கொஞ்சம் அதிகம் சேரும்; சாப்பிட்டதும் டீ குடித்தால் குறையும். மாத்திரையை நிறுத்த இந்தக் கணக்கு போதாது. தலசீமியா போல உடம்பில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்களுக்கோ இந்த யோசனையே ஆகாது.

சட்டிக்கும் சேதம் உண்டு. எண்ணெய் ஏறிப் பழகிய கறுப்புப் படலத்தைப் புளி அரித்து, குழம்பு நின்ற மட்டம் வரை சாம்பல் நிறமாக்கிவிடும். ஒரு தடவை ராத்திரி முழுக்கச் சட்டியிலேயே விட்டுவிட்டேன். காலையில் வாயில் வைக்க முடியாத இரும்பு வாடை. இப்போது இறக்கியதும் எவர்சில்வருக்கு மாற்றி, சட்டியைக் கழுவி ஈரம் போகச் சூடாக்கி, நல்லெண்ணெய் தடவுகிறேன்.

இப்போது வாரம் இரண்டு நாள் வத்தக்குழம்பும் தக்காளித் தொக்கும் இரும்புச்சட்டியில். சங்கரா மீன் குழம்பு மட்டும் மண்சட்டியில்தான். அதில் அத்தையும் ஒத்துக்கொள்கிறார்.