பயாப்ஸி முதலா, மாத்திரை முதலா: பெரியம்மாவின் நெற்றிப்பொட்டு வலி

பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 74 வயது. மூணு வாரமாக வலது நெற்றிப்பொட்டில் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார், தைலம் தடவிக்கொண்டார். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நான் போனபோது தலை வாராமல் அப்படியே முடிச்சுப் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "சீப்பு பட்டாலே உயிர் போகுது தம்பி, அந்தப் பக்கம் தலைகாணியில சாஞ்சு படுக்கவும் முடியல" என்றார். அப்புறம் வெற்றிலை போட்டார். முதல் ஒரு நிமிஷம் நன்றாகத்தான் மென்றார், இரண்டாவது நிமிஷம் தாடையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார், கொஞ்சம் ஓய்ந்து மறுபடி மென்றார். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பொது மருத்துவம் பார்ப்பவன். இந்த நோயை நேரில் பார்த்தது சில தடவைதான் என்றாலும், அந்த ஓய்ந்து ஓய்ந்து மெல்லுதல் மறக்கக்கூடியது இல்லை.

நோயின் பெயர் ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ். 50 வயது தாண்டியவர்களுக்குத்தான் வரும், 70-களில்தான் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல். தலைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் வீங்கி உள்வழி குறுகிப்போகிறது. மெல்லும் தசைக்கு ரத்தம் போதாமல் போவதால்தான் அந்தத் தாடை வலி. பல் வலி என்றால் கடித்த உடனே, ஒரு குறிப்பிட்ட பல்லில் தெறிக்கும். தாடை மூட்டுக் கோளாறு என்றால் வாயைத் திறக்கும்போதே வலிக்கும், 'டக்' என்று சத்தம்கூட வரும். இதுவோ மென்று கொஞ்ச நேரம் ஆன பிறகு வரும், நிறுத்தினால் போய்விடும். பெரியம்மாவுக்கு அதற்கு முந்தின வாரமே ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். வலி அப்படியேதான் இருந்தது.

இதே வீக்கம் கண் நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் மெல்லிய குழாய்களை அடைத்தால் பார்வை போய்விடும். நரம்பு செத்துப்போவதால் போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. மருந்து தராமல் விட்டால் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ அடுத்த கண்ணும் போகலாம். நான் துருவிக் கேட்ட பிறகுதான் பெரியம்மா சொன்னார்: முந்தின நாள் டிவி பார்க்கும்போது வலது கண்ணில் திரை இறங்கின மாதிரி இருட்டி, சில நிமிஷத்தில் சரியாகிவிட்டதாம். "வயசாச்சு, கண்ணு மங்குது"ன்னு விட்டுவிட்டார்.

அன்று ராத்திரியே தஞ்சாவூருக்கு அழைத்துப்போனோம். உடம்பில் வீக்கம் இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளில் ஈ.எஸ்.ஆர். 92, சி.ஆர்.பி.யும் நிறைய ஏறியிருந்தது. இந்த வீக்கத்தை அடக்கும் மருந்து ஸ்டீராய்டு. அங்கேதான் வீட்டுக்குள் வாக்குவாதம். பெரியம்மா மகன், என் அண்ணன், பயந்தவர். "சர்க்கரை இருக்கு தம்பி, ஸ்டீராய்டு போட்டா எகிறிடும். ரத்தக்குழாய்த் துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணி, இதுதான்னு தெரிஞ்சதும் குடுக்கலாமே" என்றார். நியாயமான பயம்தான், அதனால் இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினோம்.

அண்ணன் சொன்ன வழியில் நாள் கணக்கு இப்படி வரும்: நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் துண்டெடுக்கும் பயாப்ஸிக்கு அறுவை மருத்துவர் கொடுத்த நாள் வெள்ளி, ரிப்போர்ட் வர அடுத்த வியாழன். ஆக 10 நாள் மருந்தில்லாமல், அதுவும் ஏற்கெனவே ஒரு தடவை இருட்டிக் காட்டிய கண்ணோடு. இந்த வழியின் ஒரே லாபம், நோய் இல்லை என்றால் ஸ்டீராய்டு தேவையில்லாமல் உள்ளே போகாது என்பது. ஆனால் அந்த லாபமும் முழுசாகக் கிடைப்பதில்லை, ஏனென்றால் வீக்கம் குழாய் நெடுகிலும் ஒரே மாதிரி இருக்காது, நடுநடுவே நல்ல பகுதியும் இருக்கும், துண்டு அந்த நல்ல பகுதியிலிருந்து வந்துவிட்டால் நோய் இருந்தும் ரிப்போர்ட் சுத்தமாக வரும். அதனால்தான் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் அதைவிட நீளமாகவே எடுக்கச் சொல்வது.

மாத்திரை முதல் என்ற வழியில், சந்தேகம் பலமாக இருந்தாலே அன்றைக்கே மருந்து. கண்ணில் தொந்தரவு இல்லாதவருக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினம் 40 முதல் 60 மில்லிகிராம். பார்வை மங்கினாலோ வந்து வந்து இருட்டினாலோ மீதைல் பிரெட்னிசோலோன் 500 முதல் 1000 மில்லிகிராம் வரை மூன்று நாள் டிரிப்ஸில் கொடுத்துவிட்டு மாத்திரைக்கு மாற்றுவார்கள். "அப்படின்னா டெஸ்ட் வீணாயிடாதா?" என்று அண்ணன் கேட்டார். ஆகாது. மருந்து ஆரம்பித்து ஓரிரு வாரம்வரை குழாய்ச் சுவரில் வீக்கத்தின் தடயம் இருக்கும், துண்டில் தெரியும். பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான், இது தெரியாததால்தான் காத்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக, ரத்தக்குழாயை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் இருக்கிறது. குழாயைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் நோய்க்கு நல்ல ஆதாரம், கத்தியும் வேண்டாம், பழகிய கையும் நல்ல கருவியும் இருக்கிற ஊரில் பயாப்ஸிக்கு முன்னால் இதையே செய்கிறார்கள். ஆனால் ஸ்டீராய்டு போன சில நாளிலேயே அந்த வளையம் மங்க ஆரம்பிக்கும். அன்றே கிடைத்தால் எடுத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றால் அதற்காக மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது. எங்களுக்கு அன்று ராத்திரி ஸ்கேன் பார்க்க ஆள் இல்லை.

சர்க்கரை விஷயத்தில் அண்ணன் பயந்தது பலித்தது, ஏறியது. ஆனால் ஏறின நேரத்தைக் கவனிக்க வேண்டும். காலையில் போடும் பிரெட்னிசோலோன் மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும், வெறும்வயிற்றில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பெரியம்மாவுக்குக் காலையில் 130, சாயங்காலம் 310. இன்சுலின் கொஞ்ச நாள் போட்டுச் சமாளித்தோம். எலும்புக்கு கால்சியம், வைட்டமின் டி. நோய் இல்லை என்றே கடைசியில் தெரிந்திருந்தாலும், இரண்டு வாரத்துச் சர்க்கரையும் தூக்கமின்மையும் மருத்துவர் மருந்தைக் குறைத்து நிறுத்தினால் தீர்ந்துபோகும். கண் அப்படித் தீராது. அதனால் எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

அன்று ராத்திரி பத்தரை மணிக்கு முதல் டிரிப்ஸ் ஏறியது. புதன்கிழமை காலை பெரியம்மா தானே தலை வாரிக்கொண்டார். இந்த நோயில் தலைவலியும் தாடை வலியும் ஒன்றிரண்டு நாளில் இப்படிக் குறைவதும் ஒரு தடயம். குறையவே இல்லை என்றால் நோய் வேறோ என்று மறுபடி யோசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை துண்டெடுத்தார்கள், ஸ்டீராய்டு போய் நாலு நாள் ஆகியிருந்தது. ரிப்போர்ட்டில், வெட்டிப் பார்த்த பல சீவல்களில் இரண்டில் மட்டும் வீக்கமும் பெரிய செல்களும் இருந்தன, மற்றவை சுத்தம். அண்ணன் அதை மூணு தடவை படித்தார்.

மாத்திரை ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். வலி போய்விட்டதே என்று தானாக நிறுத்தினால் நோய் திரும்பும், உடம்பும் திடீரென்று தளர்ந்துவிடும். பெரியம்மா இப்போது தினம் பத்து மில்லிகிராமில் இருக்கிறார். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் டோஸை எழுதி வைத்திருக்கிறோம். அதன் கீழே அண்ணன் சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "தலை வலிச்சாலோ, மெல்ல முடியலைன்னாலோ, கண் இருட்டினாலோ அன்னிக்கே கூப்பிடு."